இமயத்தின் அடியில் ஒரு நிலுவை

1934 ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் காந்தி பேசினார். தீண்டாமைக்கு எதிரான அவருடைய நெடும் பயணம் அப்போது தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜனவரி 15 பிற்பகலில், பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் நிலநடுக்கம் சிதைத்திருந்தது. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிந்து கிடந்தன. வயல்களில் தரை பிளந்து தண்ணீரும் மணலுமாகப் பீறிட்டு விளைநிலங்களை மூடியிருந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையாகவே இந்தப் பேரழிவைத் தான் பார்ப்பதாகக் காந்தி திருநெல்வேலி மக்களிடம் சொன்னார். தாகூரால் அதை ஏற்க முடியவில்லை. இயற்கையில் நடக்கும் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும் என்று எழுதி அனுப்பினார். அந்த மறுப்பைக் காந்தி தம் பத்திரிகையிலேயே வெளியிட்டார்.

தாகூர் சொன்னது சரி. ஆனால் அந்த இயற்கைக் காரணம் என்ன என்று அன்றைக்கு அவராலும் சொல்லியிருக்க முடியாது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்ஃபிரட் வேகனர் 1912இலேயே சொல்லியிருந்தார். பெரும்பாலான நிலவியலாளர்கள் அதை நம்பவில்லை. கடலடித் தரையை அளந்து, நிலநடுக்கங்கள் எங்கெங்கே வருகின்றன என்று உலகப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்த பிறகு, 1960களில்தான் படம் தெளிந்தது. பூமியின் மேல் ஓடு ஒரே துண்டாக இல்லை. பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தடிமன் கொண்ட பாறை. அதற்கும் கீழே இருக்கும் பாறை உருகியதல்ல, திடமானதுதான். ஆனால் கடும் வெப்பத்தால் இளகி, லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் மெல்ல வழிந்து நகரக்கூடியது. தட்டுகள் அதன் மேல் நகர்கின்றன.

காந்தி நின்று பேசிய திருநெல்வேலியும் அப்படி நகரும் ஒரு தட்டின் மேல்தான் இருக்கிறது. தமிழ்நாடும் இலங்கையும் பீகாரும் ஒரே இந்தியத் தட்டில் இருக்கின்றன. பெங்களூரில் நிலையாகப் பதித்துவைத்த ஜி.பி.எஸ். கருவி ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதைப் பதிவு செய்கிறது. வீடு, கோயில், ஏரி, மலை எல்லாம் சேர்ந்தே போவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. தட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு இந்தப் பயணத்தால் பெரிய தொல்லையும் இல்லை. தட்டு எங்கே இன்னொரு தட்டோடு மோதுகிறதோ அங்கே இருப்பவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். இந்தியத் தட்டின் வடக்கு விளிம்பில் அந்த விலையைக் கொடுப்பவர்களில் முதன்மையானவர்கள் நேபாள மக்கள்.

சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவைத் தொட்டது. அதுவரை இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. கடலடிப் பாறை கனமானது. அதனால் அது ஆசியாவின் அடியில் சரிந்து பூமியின் ஆழத்துக்குள் இறங்கிக்கொண்டே போனது. இறங்கிய பாறையின் எடையே பின்னால் வந்த இந்தியாவை இழுத்தும் வந்தது. கடல் முழுவதும் உள்ளே போய் முடிந்ததும் வந்து சேர்ந்தது கண்டத்துப் பாறை. அது எடை குறைந்தது, ஆழத்தில் மூழ்க மறுப்பது. ஆனாலும் நகர்வு நிற்கவில்லை. எனவே இந்தியா ஆசியாவின் அடியில் ஏறக்குறையப் படுத்தவாக்கில் நுழைய ஆரம்பித்தது. மேலே இருந்தது மடிந்து, நொறுங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இமயமலை ஆனது. இன்றைக்கும் இந்தியாவும் ஆசியாவும் ஆண்டுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நெருங்குகின்றன. அதில் ஏறத்தாழப் பாதியை, அதாவது ஆண்டுக்கு 2 சென்டிமீட்டரை, இமயமலை மட்டுமே தாங்குகிறது. மீதி திபெத்திலும் அதற்கு வடக்கிலும் பரவிக் கரைகிறது.

ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றும். நேபாளத்தின் கதை முழுவதும் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

கங்கைச் சமவெளி முடிந்து மலை தொடங்கும் கோட்டிலிருந்து, வடக்கு நோக்கி மெல்லச் சரிந்தபடி ஒரு பிளவுத்தளம் மலைகளுக்கு அடியில் செல்கிறது. கீழே இந்தியா, மேலே இமயம், நடுவே இந்தத் தளம். காத்மாண்டுவுக்கு நேர் கீழே அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இன்னும் வடக்கே, பனிமலைகளின் அடியில், மேலும் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூட வெப்பம் கூடும். சுமார் 350 டிகிரியைத் தாண்டியதும் பாறை உடைவதற்குப் பதில் இளகி வழுக்க ஆரம்பிக்கிறது. அதனால் பனிமலைகளுக்கு வடக்கே, ஆழமான பகுதியில், இந்தியா சத்தமில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு வழுக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே அதிர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கும் மலையடிவாரத்துக்கும் இடையில், தெற்கு வடக்காக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு, தளம் குளிர்ந்திருக்கிறது. மேல் பாறையும் கீழ்ப் பாறையும் அங்கே ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன.

மழைக்காலத்தில் ஊறிப் போன மரக்கதவைத் தள்ளித் திறந்தவர்களுக்கு அடுத்து நடப்பது புரியும். தள்ளத் தள்ளக் கதவு நகராது, பலகை மட்டும் லேசாக வளையும். ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபட்டு, தள்ளிய தூரம் முழுவதையும் ஒரே அடியில் போய்ச் சேரும். நேபாளத்தின் அடியில் கவ்வியிருக்கும் பகுதி நகராமல் நிற்கும்போது, வடக்கே வழுக்கும் பகுதி மட்டும் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் முன்னேறுகிறது. அந்த வித்தியாசத்தை இடையில் இருக்கும் மலைப் பாறை தன் உடம்பில் வளைவாக வாங்கி வைத்துக்கொள்கிறது. நகர வேண்டிய அளவுக்கும் நகர்ந்த அளவுக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் நிலுவை. நிலநடுக்கம் என்பது அந்த நிலுவை ஒரே நிமிடத்தில் தீர்க்கப்படுவது.

பூமிக்குள் பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் பாறை கவ்வியிருக்கிறது என்பதை மேலே இருந்தே எப்படிச் சொல்ல முடியும்? நேபாளத்தில் 1990களிலிருந்து மலையுச்சிகளில் ஜி.பி.எஸ். கருவிகளைப் பதித்து வந்திருக்கிறார்கள். தெற்கே சமவெளியில் உள்ள கருவி இந்தியாவோடு சேர்ந்து முழு வேகத்தில் வடக்கே வருகிறது. காத்மாண்டு அருகில் உள்ள கருவியும் ஏறக்குறைய அதே வேகத்தில் வருகிறது. அதாவது நேபாளத்தின் தென்பாதி, இந்தியத் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, அதன் ஒரு பகுதியைப் போலவே நடந்துகொள்கிறது. பனிமலைகளைத் தாண்டியதும் வேகம் சட்டென்று குறைகிறது. வேகம் எங்கே மாறுகிறதோ அங்கேதான் கவ்விய பகுதி முடிந்து வழுக்கும் பகுதி தொடங்குகிறது. பெரிய நிலநடுக்கங்கள் இல்லாத காலத்தில் சிறிய நடுக்கங்கள் நேபாளம் நெடுக ஒரு மெல்லிய பட்டையாக வருகின்றன. அந்தப் பட்டையும் சரியாக இதே கோட்டில்தான் விழுகிறது.

அந்தச் சிறு நடுக்கங்களில் ஒரு விந்தை இருக்கிறது. அவை கோடையைவிடக் குளிர்காலத்தில் குறிப்பிடத்தக்க அளவு அதிகம். பருவமழையில் கங்கைச் சமவெளி முழுவதும் தண்ணீர் தேங்கும்போது, அந்த எடை நிலத்தை அழுத்தி, பிளவின் மீது சேரும் அழுத்தத்தைச் சற்றே தள்ளிப்போடுகிறது. மழை வடிந்து வயல்கள் காயும்போது அந்தப் பிடி விலகுகிறது, நடுக்கங்கள் கூடுகின்றன. மழை பெய்து வடிவது போன்ற சின்ன மாற்றத்துக்கே அசைந்துகொடுக்கும் அளவுக்கு அந்தப் பாறை விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது. சிறு நடுக்கங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பெரியது எந்தப் பருவத்திலும் வரலாம்.

பெரியது 2015 ஏப்ரல் 25 அன்று வந்தது. அது ஒரு சனிக்கிழமை. உள்ளூர் நேரம் 11:56. காத்மாண்டுவுக்கு வடமேற்கே எண்பது கிலோமீட்டர் தொலைவில், கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் என்ற மலைக்கிராமத்துக்கு அருகில், பூமிக்குள் சுமார் 15 கிலோமீட்டர் ஆழத்தில் பிடி ஓரிடத்தில் விட்டது. ஓரிடத்தில் விட்டதும் பக்கத்து இடத்தின் மீது சுமை கூடியது, அதுவும் விட்டது. அப்படியே வரிசையாகக் கிழக்கு நோக்கிப் பிரிந்துகொண்டே போனது. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் சுமார் 150 கிலோமீட்டர் நீளம் பிரிந்துவிட்டது. நிலநடுக்கத்தின் மையம் என்று செய்திகளில் சொல்லப்படுவது முதலில் பிடி விட்ட புள்ளி மட்டுமே. அதை ஒரு புள்ளியாக நினைத்துக்கொள்வதால் மக்கள் தூரத்தைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். பார்பாக் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது உண்மைதான். ஆனால் பிரிந்த தளம் காத்மாண்டுவின் அடியிலேயே போனது.

பிரிந்த தளத்தின் மேல் பாறை சராசரியாக மூன்று மீட்டர் அளவிலும், அதிகம் நகர்ந்த இடத்தில் ஏறக்குறைய அதன் இரு மடங்கும் தெற்கே தாவியது. காத்மாண்டு நகரம் அப்படியே ஒன்றரை மீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்து, சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. அதே நேரத்தில் வடக்கே இருந்த பனிமலைகள் அரை மீட்டருக்கு மேல் தாழ்ந்தன. இது முரணாகத் தோன்றலாம். பல ஆண்டுகளாக வளைந்து மேலே புடைத்திருந்த பகுதி, வளைவு நிமிர்ந்ததும் கீழே இறங்கியது. விண்ணிலிருந்து ரேடார் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை, நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உயர்ந்த பகுதியும் தாழ்ந்த பகுதியும் துல்லியமாகத் தெரிந்தன. இமயம் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. நிலநடுக்கங்களுக்கு நடுவே உயர்ந்து, நிலநடுக்கத்தில் சற்றே இறங்கி, கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது மலை.

ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக நிலுவைக் கணக்குப் பேசிவந்த ஆய்வாளர்களுக்கு இந்த நிலநடுக்கம் எதிர்பாராதது அல்ல. அதே சமயம், அவர்கள் அஞ்சியது இதுவும் அல்ல.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். காத்மாண்டுவை ஒட்டிய அதே பகுதியில் முந்தைய பெரிய நிலநடுக்கம் 1833 ஆகஸ்ட் 26 இரவு வந்தது. அன்று மாலையிலிருந்தே பலமான முன்னதிர்வுகள் வந்ததால் மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தார்கள், அதனால் பலரும் பிழைத்தார்கள். 1833க்கும் 2015க்கும் இடையில் 182 ஆண்டுகள். ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். 2015இல் தளம் நகர்ந்தது சராசரியாக மூன்று மீட்டர். அதாவது, அந்தத் துண்டு தன்மேல் சேர்ந்திருந்த நிலுவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. இவ்வளவு நேராகப் பொருந்துவதை மட்டும் நம்பி எல்லா இடத்திலும் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. 1833இல் எவ்வளவு நகர்ந்தது என்பதை யாரும் அளக்கவில்லை, அதற்கும் முன்னாலிருந்து வந்த பழைய நிலுவை இருந்ததா என்பதும் கணக்கில் சேராது. ஆனால் எந்த அளவில் சிந்திக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

அஞ்சியது இது அல்ல என்று சொன்னதற்குக் காரணம், 2015இல் பிரிந்தது கவ்விய பகுதியின் வடபாதி மட்டும். காத்மாண்டுவின் அடிவரை வந்த பிரிவு அங்கேயே நின்றுவிட்டது. அங்கிருந்து மலையடிவாரம் வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் அகலம் பிரியாமல் மீந்திருக்கிறது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது சத்தமில்லாமல் வழுக்கித் தன் பங்கைத் தீர்த்துவிடுமா என்று கருவிகள் வைத்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படி எதுவும் நகரவில்லை. அது இன்னமும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

1934இல் கிழக்கு நேபாளத்தில் நடந்தது வேறு. தளம் ஆழத்திலிருந்து தரைமட்டம் வரை முழு அகலத்துக்கும் கிழிந்தது. இது நீண்டகாலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது, ஏனென்றால் தரையில் கிழிந்த தடத்தை யாரும் காட்டவில்லை. சமவெளிக்கும் மலைக்கும் இடைப்பட்ட ஆற்றுப் படுகையில், நேபாள, பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிளவின் குறுக்கே பள்ளம் தோண்டிப் பார்த்தார்கள். ஆறு படியவைத்த மண்ணடுக்குகளில் எந்த அடுக்கு முறிந்திருக்கிறது, எந்த அடுக்கு முறிவை மூடிக்கொண்டு ஒழுங்காகப் படிந்திருக்கிறது என்று பார்த்து, அவற்றில் இருந்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்தார்கள். 1934இன் முறிவு அங்கே இருந்தது. அதற்குக் கீழே பழைய முறிவு ஒன்றும் இருந்தது. அதன் காலம் 1255ஆம் ஆண்டு நிலநடுக்கத்தோடு பொருந்துகிறது. நேபாளத்தின் அரசர் அபய மல்லரைப் பலிகொண்டதாகப் பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்வது அந்த நிலநடுக்கத்தைத்தான். ஏழு நூற்றாண்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அரச வரலாறும் மண்ணடுக்கும் ஒரே செய்தியைச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

இதுவரை சொன்னது பாறையைப் பற்றி. ஆனால் ஓர் இடம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பது பாறையோடு முடிவதில்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. மஞ்சுஸ்ரீ தன் வாளால் மலையை வெட்டி ஏரியை வடித்துவிட்டார் என்று நேபாளிகள் கதை சொல்வார்கள். ஏரி இருந்ததென்னவோ உண்மை. அதன் அடியில் படிந்த களியும் மணலும் சில இடங்களில் ஐந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். நகரம் அதன் மேல்தான் நிற்கிறது. பாறையில் வந்த அதிர்வு மென்மையான மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, வீச்சு பெருத்து, சுற்றிலும் இருக்கும் மலைகளுக்குள்ளேயே அடைபட்டுச் சுழல்கிறது. 2015இல் காத்மாண்டு பள்ளத்தாக்கின் தரை நான்கைந்து நொடிக்கு ஒருமுறை என்ற நிதானமான தாளத்தில் ஆடியது. மலைப்பாறையில் நின்ற கருவியில் அதிர்வு விரைவில் அடங்கியது. ஏரி மண்ணில் நின்ற கருவியோ அதற்குப் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது.

இந்தத் தாளம் யாரைக் கொன்றது, யாரைக் காப்பாற்றியது என்பதுதான் 2015இன் ஆச்சரியம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென ஓர் ஆடும் வேகம் உண்டு. இரண்டு மூன்று மாடி வீடு ஒரு நொடிக்குள் பலமுறை ஆடக்கூடியது. அதனால் வேகமான, வெடுக்கென்ற அதிர்வுதான் அதைச் சிதைக்கும். நான்கு நொடி அசைவில் அது தரையோடு சேர்ந்து சும்மா போய்வரும். அந்த அன்று காத்மாண்டுவில் மெதுவான அசைவு மிக அதிகமாகவும் வேகமான அதிர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும் இருந்தன. அதனால் தரமற்றவை என்று பலரும் அஞ்சிய ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் நின்றன. 1934இல் இடிந்து மறுபடி கட்டப்பட்ட தரஹரா என்ற செங்கல் கோபுரம் இம்முறை அடிப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு விழுந்தது. உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுவர்கள் பிளந்தன. நின்ற சிறு வீடுகளைப் பார்த்து அவை பலமானவை என்று முடிவு செய்துகொள்வது பெரும் பிழை. வேறு தாளத்தில் அடுத்த நிலநடுக்கம் வந்தால் அவற்றின் நிலை வேறாக இருக்கும்.

மலைக்கிராமங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய கனமான சுவர்கள், மேலே கற்பலகைக் கூரை. அப்படிப்பட்ட சுவர் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் வரும் உதைப்பைத் தாங்காது. உள்வரிசைக் கல்லும் வெளிவரிசைக் கல்லும் பிரிந்து இரண்டு பக்கமும் சரியும். பார்பாக்கில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் இப்படித்தான் போயின. நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் வீடுகள் முற்றாக அழிந்தன. லாங்டாங் பள்ளத்தாக்கில் பனியும் பாறையும் சேர்ந்து சரிந்து ஒரு கிராமத்தையே மூடின. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளி விடுமுறை. இடிந்துபோன பல்லாயிரம் வகுப்பறைகள் அதனால்தான் காலியாக இருந்தன.

ஒரே தட்டின் மேல் இருந்துகொண்டே இடத்துக்கு இடம் ஆபத்து எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க, மற்ற விளிம்புகளையும் உள்பகுதியையும் ஒருமுறை பார்த்துவர வேண்டும். கிழக்கே, அந்தமானிலிருந்து சுமத்ரா வரை, தட்டின் விளிம்பு கடலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கடலடிப் பாறை சரிவாக அடியில் இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பிளவு 1300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரிந்தது, கடலடி உயர்ந்து தண்ணீரைத் தள்ளியது, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் நாகப்பட்டினமும் கடலூரும் சென்னையும் அதை வாங்கின. நம் கரையை அழித்தது தரையின் நடுக்கம் அல்ல, கடல் கொண்டுவந்து சேர்த்த நடுக்கம்.

உள்பகுதி பாதுகாப்பானது என்று முழுமனதோடு சொல்ல முடியாது. விளிம்பில் விழும் அடி தட்டின் உடல் முழுவதும் அழுத்தமாகப் பரவி நிற்கிறது. உள்ளே பழங்காலத்து விரிசல்கள் உண்டு. அவை எப்போதாவது, ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு ஒருமுறை, விடுபடும். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் அப்படி ஒன்று விடுபட்டது. அளவு 6.2 மட்டுமே. இறந்தவர்களோ ஏறக்குறைய பத்தாயிரம் பேர், கோர்க்காவுக்குக் குறையாத எண்ணிக்கை. கோயம்புத்தூரை 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்று உலுக்கியிருக்கிறது. புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 2001 செப்டம்பரில் ஒன்று வந்தபோது சென்னையில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2002இல் இந்திய நிலநடுக்க மண்டலப் படத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் நிலுவைக் கணக்குப் போட முடியாது. அசைவு அவ்வளவு மெதுவானது, முந்தைய நிலநடுக்கத்தின் தடமே கிடைப்பதில்லை. நேபாளத்தில் ஆபத்து பெரிது, ஆனால் அளக்கக்கூடியது. லாத்தூரில் ஆபத்து சிறிது, முன்கூட்டி அளக்க வழியில்லை.

அளக்கக்கூடிய இடத்துக்கே திரும்பினால், இன்று ஆய்வாளர்கள் கவலையோடு பார்ப்பது மேற்கு நேபாளத்தையும் அதையொட்டிய உத்தராகண்டையும். அந்தப் பகுதியின் கடைசிப் பெரும் நிலநடுக்கம் 1505 ஜூன் மாதத்தில் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துத் திபெத்திய நூல்களில் அதைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. 1803இல் கடுவால் பகுதியில் ஒன்று வந்தது, அது மொத்த நிலுவையையும் தீர்க்கும் அளவுக்குப் பெரியதல்ல என்பது பெரும்பாலோர் கருத்து. 1505இலிருந்து ஐந்து நூற்றாண்டுக்கு மேல், ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர். பத்து மீட்டர். கோர்க்காவில் தீர்ந்ததைப் போல மூன்று மடங்கு, அதைவிட நீளமான ஒரு பகுதியில். அது ஒரே அடியில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்றாகப் பிரிந்து வரலாம். நாளை வரலாம், நூறு ஆண்டு கழித்து வரலாம். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் இந்தக் கணக்கு, என்றைக்குத் தீரும் என்று சொல்வதில்லை. தேதி சொல்லக்கூடிய கருவியோ முறையோ உலகில் எங்கும் இல்லை.

சிறு சிறு நடுக்கங்கள் வந்துகொண்டே இருந்தால் நிலுவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. எனவே ஓர் 8.5 நிலநடுக்கத்தின் வேலையைச் செய்ய 6.5 அளவில் ஆயிரம் நிலநடுக்கங்கள் வர வேண்டும். அத்தனை வருவதில்லை. சிறியவை கணக்கைக் குறைப்பதே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

2023 நவம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட் மாவட்டத்தில், அதாவது அந்தப் பத்து மீட்டர் நிலுவை கிடக்கும் பகுதியிலேயே, ஒரு நிலநடுக்கம் வந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் அதன் அளவை 5.7 என்று கணித்தது. தட்டின் கணக்கில் அது ஒன்றுமே இல்லை, இமயத்தின் அடியில் சேர்ந்திருப்பதில் ஒரு துளியைக்கூட அது குறைக்கவில்லை. ஆனால் மக்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். வீடுகள் கல்லும் மண்சாந்தும். நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். காத்மாண்டு பள்ளத்தாக்கில் 2015க்கு முன்பே பல பள்ளிக் கட்டடங்களுக்குச் சுவரைச் சுற்றி இரும்புக் கம்பியும் சிமெண்டுமாகக் கிடைமட்டப் பட்டைகள் போட்டு வலுப்படுத்தியிருந்தார்கள். அந்தப் பள்ளிகள் 2015இல் இடியாமல் நின்றன. கோர்க்காவில் திரும்பக் கட்டிய கல்வீடுகளிலும் அடித்தளத்தில், சன்னல் மட்டத்தில், கூரைக்குக் கீழே என்று அதே பட்டைகளைப் போட்டார்கள். ஜாஜர்கோட்டில் இடிந்த பெரும்பாலான வீடுகளில் அந்தப் பட்டைகள் இல்லை.